வரைவுக்குக் கருத்து சொன்னால் நல்ல வரிகளும் சேர்ந்து போய்விடுகின்றன. எப்படிச் சொல்வது?

கரிசல்வாசி

எங்கள் வாசகர் வட்டத்தில் ஒருவர் எழுதிவரும் சிறுகதையில் ஒரு பகுதி இது. அவருடைய சம்மதத்தோடுதான் போடுகிறேன். பேசுவதற்கு வசதியாக வாக்கியங்களுக்கு எண் கொடுத்திருக்கிறேன்.

> (1) அடகுக் கடையின் படிகளில் ஏறும்போது பேச்சியம்மாளின் உள்ளத்தில் விவரிக்க இயலாத சோகம் அலைமோதியது. (2) வாழ்க்கை எவ்வளவு கொடூரமானது என்று எண்ணினாள். (3) தோட்டைக் கழற்றிக் கம்பி வலைக்குக் கீழே தள்ளினாள். (4) கழற்றின பிறகும் கை காதுக்கே போய்ப் போய் வந்தது. (5) அந்தத் தோடு அவளுடைய திருமணத்தின்போது தாய்மாமன் சீராகக் கொடுத்தது; அவர் பிடித்த கல் கிடைக்கும்வரை மதுரையில் மூன்று கடை ஏறி இறங்கினார். (6) திருமணத்துக்குப் பின் கணவன் முருகேசன் பஞ்சாலையில் வேலை பார்த்தான், ஆலை மூடப்பட்டபின் அவன் குடிக்கு அடிமையாகி, குடும்பம் வறுமையில் வாடியது. (7) கடைக்காரர் தோட்டை எடுத்து, உரைகல்லில் தேய்த்து, தராசில் வைத்து, எடையைக் குறித்து நிமிர்ந்தார். (8) "கல்லுக்கு எடை கழிச்சிருவேன்" என்றார். (9) "சரிங்க" என்று அவள் வேதனையுடன் கூறினாள். (10) கல்லுக்கு எடை இல்லையென்றால் மாமா எதற்கு மூன்று கடை ஏறினார். (11) அந்தக் கேள்வி அவள் இதயத்தை முள்ளாய்க் குத்தியது.

நான் சொன்ன கருத்து இவ்வளவுதான்: "நடை செயற்கையாக இருக்கிறது, வேகமும் போதாது." அடுத்து வந்த வடிவம்:

> பேச்சியம்மாள் கடைக்குப் போனாள். தோட்டைக் கழற்றினாள். கொடுத்தாள். கடைக்காரர் உரைகல்லில் தேய்த்தார். எடை போட்டார். கல்லுக்கு எடை கழிப்பதாகச் சொன்னார். சரி என்றாள். பணத்தை வாங்கிக்கொண்டு படி இறங்கினாள்.

செயற்கை போய்விட்டது, கூடவே கதையும். (4), (10) இரண்டும் காணோம். திரும்ப எழுதச் சொல்லப்போகிறேன். இந்தமுறை குறிப்பை எப்படிக் கொடுப்பது?

வேகத்தடை

இதுல என்ன குழப்பம்? (1), (2), (6), (11) நாலையும் வெட்டச் சொல்லுங்க. நீள வாக்கியத்தை உடைக்கச் சொல்லுங்க. சின்ன வாக்கியம்னா தானா வேகம் வந்துரும். முடிஞ்சது.

மெய்ப்பு மேசை

(5)இல் அரைப்புள்ளி தேவையில்லை, முற்றுப்புள்ளி வைத்து இரண்டாக்கலாம். (6)இல் "பார்த்தான்" என்று வினைமுற்று வந்தபிறகு காற்புள்ளியால் அடுத்த வாக்கியத்தை ஒட்டியிருக்கிறார். "முள்ளாய்க் குத்தியது" ஒற்று சரி.

கரிசல்வாசி

மெய்ப்பு மேசை, நன்றி, ஆனால் கேள்வி பிழைதிருத்தம் பற்றியது இல்லை.

தறிநூல்

மெய்ப்பு மேசை சொன்னது சரிதான், ஆனால் இந்தச் சுற்றில் அதை அனுப்பவே கூடாது. (6)ஐத் திருத்திக் கொடுத்தால் எழுதியவர் அந்தத் திருத்தத்தைப் போட்டுவிட்டு (6)ஐ அப்படியே வைத்துக்கொள்வார். போகப்போகிற வாக்கியத்துக்குக் காற்புள்ளி பார்த்துப் பயனில்லை.

கரிசல்வாசி, உங்கள் குறிப்பில் இரண்டு குறை. ஒன்று, எதைத் தொடக்கூடாது என்று அதில் இல்லை. "செயற்கை" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னதும் எழுதியவருக்குத் தன் எல்லா வரிமேலும் சந்தேகம் வந்துவிட்டது. அப்படிச் சந்தேகம் வந்தால் முதலில் பலியாவது துணிந்து எழுதின வரிதான். "கை காதுக்கே போய்ப் போய் வந்தது" என்பதைவிட "கொடுத்தாள்" பாதுகாப்பு இல்லையா? இரண்டு, "வேகம் போதாது" என்பதை அவர் "சுருக்கு" என்று எடுத்துக்கொண்டார். இந்தப் பகுதியின் நோய் அது இல்லை.

எண்ணிப் பாருங்கள். மொத்தம் 92 சொற்கள். அதில் (5), (6) இரண்டும் பின்கதை, 31 சொற்கள், மூன்றில் ஒரு பங்கு. கடைக்காரர் தோட்டைச் சோதிக்கும் (7) வெறும் 10. வாசகன் காத்திருப்பது எதற்கு? அவர் நிமிர்ந்து என்ன சொல்லப்போகிறார் என்பதற்கு. பேச்சியம்மாளும் அதற்குத்தான் காத்திருக்கிறாள். காத்திருக்கும் இடம் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடுகிறது, காத்திருக்காத இடத்தில் கதை உட்கார்ந்துகொள்கிறது. ஆகவே (6)இலிருந்து எடுத்து (7)இல் போடச் சொல்ல வேண்டும். மொத்த நீளம் ஏறத்தாழ அப்படியே இருக்கலாம்.

வேகத்தடை சொன்ன நான்கு வெட்டும் எனக்குச் சம்மதம். சின்ன வாக்கியம் என்றால் வேகம் என்பது மட்டும் தமிழுக்கு அப்படியே பொருந்தாது. (7)ஐப் பாருங்கள்: எடுத்து, தேய்த்து, வைத்து, குறித்து, நிமிர்ந்தார். நான்கு வினையெச்சம், கடைசியில் ஒரே வினைமுற்று. தமிழில் இதுதான் ஓட்டம். கண் எங்கேயும் நிற்காமல் "நிமிர்ந்தார்" வரை வழுக்கிக்கொண்டு போகிறது. அதையே "எடுத்தார். தேய்த்தார். வைத்தார்." என்று முற்றாக உடைத்தால் ஒவ்வொரு முற்றிலும் ஒரு நிறுத்தம் விழும், காட்சி மெதுவாகும். இரண்டாம் வடிவத்தில் கிட்டத்தட்ட எல்லாமே முற்று. எல்லா இடத்திலும் ஒரே நிறுத்தம், அதனால் எதுவும் முக்கியமாகத் தெரியவில்லை. (3)இல் "கழற்றிக் கம்பி வலைக்குக் கீழே தள்ளினாள்" என்று எச்சம் இருப்பது சரி, யோசிக்க இடம் கொடுக்காமல் அவள் சட்டென்று செய்கிற காரியம் அது. உடைக்க வேண்டியது (7)ஐ மட்டும்.

வேகத்தடை

ஒத்துக்கறேன், (7) விஷயம் யோசிக்கல. ஆனா எல்லா எச்சமும் ஓடுமா? "பார்த்துக்கொண்டே", "நின்றபடி" எல்லாம் இழுக்கத்தானே செய்யுது?

தறிநூல்

இழுக்கும். செயல் ஒன்றன்பின் ஒன்றாக முடிந்துகொண்டே போகும் எச்சம் ஓடும், முடியாமல் தொடரும் எச்சம் நிற்கும். நல்ல திருத்தம்.

இனி குரல். இந்தப் பகுதியில் இரண்டு பேர் பேசுகிறார்கள். (1), (2), (9), (11) எழுதுபவர் ஒருவர், பள்ளிக் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியவர். (4), (10) எழுதுபவர் வேறொருவர், பேச்சியம்மாளுக்குப் பக்கத்தில் நிற்பவர். "குரல் சரியில்லை" என்று சொன்னால் எழுதியவர் எங்கே போய்த் தேடுவார்? சரியான குரல் அவருடைய பக்கத்திலேயே இருக்கிறது. (10)ஐக் காட்டி, "இந்த வாக்கியத்தைச் சொன்னவரே முதல் வாக்கியத்தையும் சொல்லட்டும்" என்று எழுதுங்கள். சுருதிப்பெட்டி மாதிரி அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு மற்றதைச் சேர்க்கலாம்.

எது சேரவில்லை என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. "அவள்" வரும் இடத்தில் "நான்" போட்டு வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். "கழற்றின பிறகும் என் கை காதுக்கே போய்ப் போய் வந்தது", நிற்கிறது. "என் உள்ளத்தில் விவரிக்க இயலாத சோகம் அலைமோதியது", பேச்சியம்மாள் இப்படிச் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரி சிரித்துவிடுவாள். "சரிங்க என்று நான் வேதனையுடன் கூறினேன்", இதுவும் அப்படியே.

(2)இல் இன்னொன்று. "என்று எண்ணினாள்" என்பது வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. அதுவரை அவள் மனசுக்குள் இருந்த வாசகனை அந்த ஒரு சொல் வெளியே இழுத்துப்போடுகிறது. (10)இல் அது இல்லை. "மாமா எதற்கு மூன்று கடை ஏறினார் என்று எண்ணினாள்" என்று முடித்துப் பாருங்கள், வரி செத்துப்போகும்.

நல்லூரான்

நல்ல சோதனை, ஆனா என்ர கதை துவக்கத்திலயே "நான்" எண்டுதான் போகுது. அப்ப எதை எதால மாத்திப் பாக்கிறது? வாசிச்ச ஆக்கள் எல்லாரும் "நடை பாரமாக் கிடக்கு" எண்டுதான் சொல்லீனம்.

தறிநூல்

நல்லூரான், தன்மையில் எழுதினால் பெயரை மாற்றுவதற்குப் பதில் கேட்பவரை மாற்றுங்கள். உங்கள் கதைசொல்லி இதை யாரிடம் சொல்கிறார் என்று ஒரு ஆளை முடிவு செய்யுங்கள், தங்கச்சியிடமா, வழக்கறிஞரிடமா. அந்த ஆளின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத வாக்கியம்தான் பாரம். தனி இழை போடுங்கள், பகுதியைப் பார்த்தால்தான் மேலே சொல்ல முடியும்.

நகைப்பட்டறை

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். கதை பத்தி எனக்குத் தெரியாது, (7)ல ஒரு விஷயம். தோட்டை மூஞ்சிப் பக்கம் யாரும் உரசமாட்டாங்க. அடிப்பக்கமோ தண்டோ ஓரமாப் பார்த்து ஒரு இழுப்பு இழுப்பாங்க, கல்லுல மஞ்சளா ஒரு கோடு விழும். அதுமேல திராவகம் ஒரு சொட்டு. மட்டமான சரக்குன்னா கோடு கரைஞ்சுரும், நல்ல தங்கம்னா நிக்கும். திருகைக் கழட்டித் தனியாவும் பாப்பாங்க, அதை மட்டும் மாத்தி வச்சிருக்கலாம்ல. எடையை "நாலு கிராம் முந்நூறு மில்லி"ன்னுதான் சொல்லுவாங்க. கல்லுக்குக் கழிக்கிறது குத்துமதிப்புதான், கல்லைப் பேத்தா எடுக்க முடியும்?

தறிநூல்

குறுக்கே வந்தது நல்லதாய்ப் போயிற்று. (7)ஐ நீட்டச் சொன்னால் எதை வைத்து நீட்டுவது என்று எழுதியவர் திணறுவார், வழக்கமாகக் கடிகாரச் சத்தமும் மின்விசிறியும் வந்து உட்காரும். இப்போது அவருக்குக் கோடு கிடைத்துவிட்டது. கோடு நிற்குமா கரையுமா என்று பார்த்துக்கொண்டிருக்கும் நேரம்தான் அந்தக் காட்சிக்கு வேண்டிய மெதுவான வேகம்.

குறிப்புக்கு வருகிறேன். நான் எழுதினால் இப்படி எழுதுவேன். இதைவிட நீண்டால் எழுதியவர் எல்லாவற்றையும் பாதிப்பாதி செய்வார்.

> (4), (8), (10) மூன்றிலும் ஒரு சொல்கூட மாற வேண்டாம். இடம் மாறலாம். (4) நல்ல வரி, ஏனென்றால் வருத்தம் என்ற சொல் இல்லாமலே வருத்தம் கைக்கு வந்திருக்கிறது. (10) நல்ல வரி, ஏனென்றால் எடை என்ற சொல் கடைக்காரருக்கு ஒன்றாகவும் பேச்சியம்மாளுக்கு வேறாகவும் இருக்கிறது. (8) இல்லாமல் (10) இல்லை.
>
> (10) நிற்பதற்கு (5)இன் பின்பாதி வேண்டும், மாமா கடை ஏறின விஷயம். (5)ஐ எவ்வளவு சுருக்கினாலும் அதை எடுத்துவிட வேண்டாம்.
>
> குரல்: (10)ஐச் சொல்பவரே (1)ஐயும் சொல்லட்டும். (1), (2), (9), (11)இல் "அவள்" இடத்தில் "நான்" போட்டு வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.
>
> வேகம்: (6)ஐ இந்தப் பகுதியிலிருந்து எடுத்துவிடுங்கள், கதையில் வேறு இடத்தில் வரட்டும். (7)ஐ 10 சொல்லிலிருந்து 30 வரை நீட்டுங்கள். அங்கே மட்டும் வினைமுற்றுகளாக உடையுங்கள்.

இதில் முக்கியம் இரண்டாவது பத்தி. நல்ல வரியைக் காப்பாற்று என்று பெரும்பாலும் எல்லோரும் சொல்லிவிடுவார்கள். அந்த வரிக்கு எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்று யாரும் சொல்வதில்லை. "பின்கதையை வெட்டு" என்று மட்டும் சொல்லியிருந்தால் (5) முழுசாகப் போயிருக்கும், (10)இல் திடீரென்று ஒரு மாமா முளைத்திருப்பார். அடுத்த வாசகர் "யார் இந்த மாமா?" என்பார், எழுதியவர் (10)ஐயும் எடுத்துவிடுவார். நல்ல வரிகள் இப்படித்தான் பெரும்பாலும் காணாமல் போகின்றன, யாரும் வேண்டுமென்று வெட்டுவதில்லை.

காரணமும் வரியோடு சேர்ந்தே போகட்டும். "அருமை" என்று மட்டும் ஓரத்தில் எழுதினால், எது அருமை என்று தெரியாமல் அவர் "கை மீண்டும் மீண்டும் காதைத் தேடியது" என்று மெருகேற்றிக் கொண்டுவருவார்.

வேகத்தடை

ஒரு சந்தேகம். எழுதினவருக்கு (1)தான் பிடிச்ச வரியா இருந்தா? நாம மூணு வரியை முத்திரை குத்திட்டோம், அவரைக் கேக்கவே இல்லையே.

தறிநூல்

கேட்க வேண்டியதுதான், குறிப்பை அனுப்புவதற்கு முன்பே. "எந்த இரண்டு வரியை விடமாட்டீர்கள்?" என்று கேளுங்கள். (1) என்று சொன்னால் பேச்சு வேறு பக்கம் போகும். அந்த உயர்ந்த குரலில்தான் முழுக் கதையையும் சொல்ல நினைக்கிறாரோ என்னவோ. அப்போது அந்நியமாவது (4)உம் (10)உம்தான். எனக்கு அந்தக் கதை பிடிக்காது, ஆனால் அது அவர் முடிவு.

கரிசல்வாசி

கேட்டேன். (4), (10) என்றார். (1) "ஒரு தொடக்கம் வேண்டுமே என்று போட்டது"! தறிநூலின் குறிப்பை அப்படியே அனுப்பினேன், நகைப்பட்டறை சொன்னதையும் சேர்த்து. இன்று வந்த வடிவம்:

> தோட்டைக் கழற்றிக் கம்பி வலைக்குக் கீழே தள்ளினாள். கழற்றின பிறகும் கை காதுக்கே போய்ப் போய் வந்தது. கடைக்காரர் ஒரு தோட்டை எடுத்தார். திருகைக் கழற்றித் தனியே வைத்தார். அடிப்பக்கத்தைக் கல்லில் ஒரு இழுப்பு இழுத்தார். மஞ்சளாக ஒரு கோடு விழுந்தது. அதன்மேல் ஒரு சொட்டு திராவகம் விட்டார். பேச்சியம்மாளும் எட்டிப் பார்த்தாள். கோடு அப்படியே நின்றது. அப்புறம் தராசு. மாமா மதுரையில் மூன்று கடை ஏறி எடுத்த தோடு. "கல்லுக்கு எடை கழிச்சிருவேன்" என்றார். "சரிங்க." கல்லுக்கு எடை இல்லையென்றால் மாமா எதற்கு மூன்று கடை ஏறினார்.

எனக்குப் பிடித்திருக்கிறது. கடைசியில் மட்டும் ஏதோ இடிக்கிறது.

நகைப்பட்டறை

கோடு நின்னதும் எனக்கே ஒரு மூச்சு வந்துச்சு. சரியா எழுதியிருக்காரு.

தறிநூல்

"பேச்சியம்மாளும் எட்டிப் பார்த்தாள்" நாம் யாரும் சொல்லாதது, அவராகவே கண்டுபிடித்தது. அடுத்த குறிப்பில் அதையும் தொடக்கூடாத வரிகளில் சேர்த்துவிடுங்கள். தன் தோடு நல்ல தங்கமா என்று அவளுக்கே ஒரு கணம் சந்தேகம்!

இடிப்பது எங்கே என்றால், "மூன்று கடை" முதல்தடவை வந்து இரண்டு வரி தாண்டுவதற்குள் மறுபடி வருகிறது. முதல் தடவை கேட்டதை வாசகன் மறக்க நேரமில்லை, அதனால் இரண்டாம் தடவை அது நினைவாக வராமல் எதிரொலியாக வருகிறது. வரியைக் காப்பாற்றினார், தண்ணீரையும் கொண்டுவந்தார், ஆனால் வரியின் தலையிலேயே ஊற்றிவிட்டார். அந்த வாக்கியத்தை மேலே தூக்கி (4)க்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள்:

> தோட்டைக் கழற்றிக் கம்பி வலைக்குக் கீழே தள்ளினாள். மாமா மதுரையில் மூன்று கடை ஏறி எடுத்த தோடு. கழற்றின பிறகும் கை காதுக்கே போய்ப் போய் வந்தது.

நடுவில் உரைகல், திராவகம், தராசு எல்லாம் வந்து வாசகன் மாமாவை விட்டுவிடுவான். கடைசியில் அவரே திரும்பி வருவார். இந்தமுறை குறிப்பு இந்த ஒன்றுதான், வேறு எதையும் சேர்க்காதீர்கள்.

வேகத்தடை

நான் அதையும் ஒத்துக்கமாட்டேன். மேல இருந்தாலும் "மூன்று கடை" ரெண்டு தடவை தேவையா? மேல "மாமா சீரா வச்ச தோடு"ன்னு மட்டும் இருக்கட்டும். கடை ஏறின கதை முதல் தடவையா கடைசி வரியில வந்தா இன்னும் அடிக்கும்.

தறிநூல்

யோசிக்க வேண்டிய மாற்றம்தான். என் பயம், கடைசி வரி அப்போது புதுத் தகவலையும் சொல்ல வேண்டியிருக்கும், கேள்வியையும் கேட்க வேண்டியிருக்கும். இரண்டு சுமையை அது தாங்குமா என்று எழுதிப் பார்த்தால்தான் தெரியும். இரண்டு விதமாகவும் அனுப்பச் சொல்லுங்கள், இந்த இழையைப் படிக்காத ஒருவரிடம் கொடுத்து எங்கே நின்றார் என்று கேளுங்கள்.

மெய்ப்பு மேசை

இப்போது பேசலாமா? கடைசி வரி பேச்சியம்மாளின் மனசு என்றால் "எதற்கு", "மூன்று", "இல்லையென்றால்" எல்லாம் எழுத்து வழக்கு. "எதுக்கு மூணு கடை ஏறினாரு" என்றுதானே அவள் நினைப்பாள்?

தறிநூல்

அதை மாற்றினால் "கழற்றின பிறகும்" முதல் எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும். பேச்சு உச்சரிப்பு மேற்கோள்குறிக்குள் மட்டும் போதும், குரல் சொல்லொழுங்கில் வந்துவிட்டது என்பது என் கட்சி.

நல்லூரான்

எனக்கெண்டால் "எதுக்கு" தான் சரி. "எதற்கு" எண்டு வாசிக்கேக்க அந்த மனுசி திடீரெண்டு ரேடியோவில செய்தி வாசிக்கிறமாதிரிக் கிடக்கு.

கரிசல்வாசி

இடமாற்றக் குறிப்பை மட்டும் அனுப்பியிருக்கிறேன், வேகத்தடை சொன்ன மாற்றையும் ஒரு வரியில் சேர்த்து. "எதற்கு / எதுக்கு" பற்றி அவரிடம் இன்னும் மூச்சுவிடவில்லை.